அடிவானம் எத்தனை அடியில்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நாடக மேடையின் பின்னால் தொங்கும் படுதாவில் தூரிகை படுவதற்கு முன்னால் ஒரு கோடு விழவேண்டும். அதுதான் அடிவானக் கோடு. அந்தக் கோடு எந்த உயரத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அதற்கு முன்னால் நிற்கும் நடிகன் தரையில் நிற்பவனாகவோ, தண்ணீரில் மூழ்கியவனாகவோ தெரிவான். நம்மவர்கள் படுதாவின் வண்ணத்திற்குச் செலவிடும் கவலையில் பத்தில் ஒரு பங்கையாவது இந்தக் கோட்டிற்குச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. ஓவியம் பயிலாத அறிவியல் மாணவன் இதைப் பற்றி எழுத வந்ததைப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஆண்டு விழாவில் நம் மாணவர்கள் நடித்த மீனவர் நாடகத்தை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. தாய் கரையில் நின்று காத்திருக்கிறாள். தாயாக நடித்த மாணவி ஒரு சொல்லும் பேசாமல் நிற்க வேண்டிய இடம் அது. அவர் நன்றாகவே நின்றார். ஆனால் அரங்கின் பின்பகுதியிலிருந்து சிரிப்பு எழுந்தது. "அம்மாவே முழுகிட்டாங்கடா" என்று யாரோ சொன்னது முன்வரிசை வரை கேட்டது. சிரித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் அவர்கள் சொன்னார்கள். குறை முழுவதும் வாடகைக்கு வந்த படுதாவில் இருந்தது.

அந்தப் படுதா 12 அடி உயரம். படகுகளும் அலைகளும் நிறையக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், அதைத் தீட்டியவர் கடலும் வானமும் சேரும் கோட்டை மேடைத் தளத்திலிருந்து 8 அடி உயரத்தில் வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும். நம் மேடையின் உயரம் 3 அடி. எனவே பார்ப்பவர் கண் மேடைத் தளத்திற்கு மேலே 1 அடி உயரத்தில் இருக்கிறது. அவர் படுதாவிலிருந்து 30 அடி தள்ளி இருக்கிறார் என்றும், நடிகர் படுதாவுக்கு 6 அடி முன்னால் நிற்கிறார் என்றும் கொள்வோம். பார்ப்பவர் கண்ணிலிருந்து படுதாவின் அடிவானத்திற்கு ஒரு நூலை இழுத்துக் கட்டினால், அந்த நூல் நடிகர் நிற்கும் இடத்தில் எந்த உயரத்தில் போகும்? கண்ணிலிருந்து அடிவானம் 7 அடி மேலே. மொத்தத் தூரம் 30 அடியில் நடிகர் 24 அடியில் நிற்கிறார். ஏழில் ஐந்தில் நான்கு பங்கு எடுத்து, கண்ணின் 1 அடியையும் கூட்டினால் 6 அடி 7 அங்குலம் வரும். அந்த மாணவியின் உயரம் 5 அடி. ஆக, அவர் தலைக்கு மேலே ஒன்றரை அடிக்குக் கடல் நீர் நின்றது. வடிவொத்த முக்கோணங்களைப் பள்ளியில் படித்த எவரும் திரை தூக்கும் முன்பே இதைக் கணக்கிட்டிருக்கலாம்.

அடிவானம் என்பது உண்மையில் என்ன என்பதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். சமமான தரையிலோ கடற்கரையிலோ நிற்கிறோம். காலடியில் உள்ள தரையைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்துகிறோம். பத்தடி தள்ளியுள்ள தரையைப் பார்க்க அவ்வளவு தாழ்த்த வேண்டியதில்லை. நூறடிக்கு இன்னும் குறைவு. தரை தூரம் போகப் போக நம் பார்வை மேலே ஏறி, கடைசியில் கண்ணுக்கு நேராக, படுகிடையாக வந்து நிற்கிறது. அங்கே தரை முடிந்து வானம் தொடங்குகிறது. ஆகவே அடிவானம் எப்போதும் பார்ப்பவர் கண் மட்டத்தில்தான் இருக்கும். உட்கார்ந்தால் அதுவும் நம்மோடு உட்காரும். மாடிக்கு ஏறினால் அதுவும் ஏறும். பூமி உருண்டை என்பதால் இதில் ஒரு சிறு குறைவு உண்டு. 5 அடி உயரக் கண்ணுக்குக் கடல் சுமார் 4.4 கிலோமீட்டரில் மறைந்துவிடுகிறது. ஆனால் இவ்வளவு தாழ்ந்த கண்ணுக்கு அந்தக் குறைவு மிக அற்பம். படுதாவில் அதைக் காட்ட முயல்வதும் கோட்டை வளைப்பதும் வீண் வேலை.

ஆக, படுதாவில் ஒரு கோட்டைப் போட்டு "இதுதான் அடிவானம்" என்று சொல்லும்போது, "பார்ப்பவனின் கண் இந்த உயரத்தில் இருக்கிறது" என்றுதான் சொல்கிறோம். 8 அடியில் போட்டால் 8 அடி உயரத்தில் கண் உள்ள ஒருவன் பார்த்த காட்சி அது. அவன் கண்ணுக்குத் தரை மேலேயிருந்து பார்த்த தரையாக அகலமாகத் தெரியும். ஆனால் நம் பார்வையாளர் கண்ணுக்கு உண்மையான மேடைத் தளம் ஒரு மெல்லிய பட்டையாகத்தான் தெரிகிறது. மேடைத் தளம் படுத்துக் கிடக்க, அதை ஒட்டித் தொடங்கும் தீட்டிய மணல் மட்டும் சரிவான கூரையைப் போல எழுந்து நிற்கும். கண் இரண்டையும் ஒரே தரையாக ஏற்க மறுக்கிறது.

அப்படியானால், பார்ப்பவர் கண் மேடைத் தளத்திற்கு 1 அடி மேலேதானே இருக்கிறது, அடிவானத்தையும் 1 அடியில் போட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். கணக்குப்படி அதுவே சரி. ஆனால் கடலும் கரையும் சேர்ந்து ஒரு முழ அகலம்கூட வராது. மீதி முழுவதும் வானம். கதைக்கு வேண்டிய ஊர் எங்கே போகும்? மேலும் பின்னால் நிற்பவர் கண் மேடைத் தளத்திற்கு மேல் 2 அடியில் இருக்கிறது. மாடி வராந்தாவில் நிற்பவர் கண் இன்னும் எவ்வளவோ மேலே இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கோடு கிடையாது. எனவே ஒரு கண்ணைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். மேடையில் நிற்கும் நடிகனின் கண்ணையே, அதாவது மேடைத் தளத்திலிருந்து சுமார் 5 அடியையே, தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

முன்னர் போட்ட அதே கணக்கை 5 அடிக்குப் போட்டுப் பாருங்கள். நூல் நடிகர் மேல் 4 அடி 2 அங்குலத்தைச் சற்றே தாண்டிப் போகிறது. அதாவது அடிவானம் அந்த மாணவியின் தோள் மட்டத்தில் வருகிறது. உடல் கரைக்கும் கடலுக்கும் உரியதாகிறது. முகம் மட்டும் வெளிர்ந்த வானத்தின் முன் தனித்துத் தெரிகிறது. காத்திருக்கும் தாயின் முகத்தைத்தானே அந்த இடத்தில் நாம் பார்க்க வேண்டும்? தீட்டிய நிலமும் நடிகன் கால் ஊன்றிய நிலமும் ஒரே நிலம் என்று கண் ஒப்புக்கொள்கிறது.

இது என் கண்டுபிடிப்பு அன்று. இத்தாலியில் ஆல்பர்ட்டி என்பவர் 1435ஆம் ஆண்டில் ஓவியம் பற்றி எழுதிய நூலில், கோடுகள் போய்ச் சேரும் புள்ளியைப் படத்தில் உள்ள மனிதனின் உயரத்திற்கு மேல் வைக்கலாகாது என்று கூறினார். அப்போதுதான் பார்ப்பவரும் படத்தில் இருப்பவரும் ஒரே தளத்தில் நிற்பதாகத் தோன்றும் என்பது அவர் சொன்ன காரணம். மேடையில் நிற்பவர் உயிருள்ள மனிதர் என்பதால், நாடகப் படுதாவுக்கு இந்த விதி இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

படுதாவே வேண்டாம் என்று சொல்லும் தமிழார்வ நண்பர்களும் உண்டு. தெருக்கூத்தில் ஏது அடிவானம்? இருவர் பிடிக்கும் ஒரு திரைதான். காடும் கடலும் கூத்தனின் பாட்டிலும் அடவிலும் வந்துவிடுகின்றன. அந்த வழி முழுமையான வழி. அதில் எனக்கு மறுப்பே இல்லை. தீட்டிய படுதா நமக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்து வந்தது. வேண்டாமென்றால் விட்டுவிடலாம். ஆனால் தொங்கவிட்ட பிறகு, "கலைக்குக் கணக்கு எதற்கு" என்று பேசுவதை நான் ஏற்கமாட்டேன். தூரத்தைக் காட்டுவதாக ஒப்புக்கொண்ட படம் தூரத்தின் கணக்குக்குக் கட்டுப்பட வேண்டும். துணிப் படுதாவுக்குப் பதிலாக இப்போது பல கல்லூரிகளில் எல்.இ.டி. திரை வைக்கிறார்கள். அதிலும் ட்ரோனிலிருந்து எடுத்த கடற்கரைப் படத்தைப் போட்டு, அதன் முன் ஆளை நிறுத்துகிறார்கள். அந்தப் படத்தின் கண் முந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது! கருவி புதிதானாலும் பிழை பழையதுதான்.

நாமே ஒரு படுதா தீட்டிக்கொள்வதாக வைத்துக்கொண்டு, வேலையை எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன். 18 அடி அகலம், 12 அடி உயரமுள்ள காடாத் துணி. காட்சி, கடலை நோக்கிச் செல்லும் ஒரு மீனவர் தெரு. வலப்புறம் வரிசையாக விளக்குக் கம்பங்கள். முதல் வேலை, துணியை அது தொங்கப் போகும் இடத்திலேயே தொங்கவிட்டு, மேல் மூங்கிலும் கீழ் மூங்கிலும் கட்டி இழுப்பது. பிறகு இரு ஓரங்களிலும் மேடைத் தளத்திலிருந்து 5 அடி அளந்து புள்ளி வைக்க வேண்டும். துணியின் கீழ்விளிம்பிலிருந்து அளந்தால் ஏமாந்து போவோம். துணி நடுவில் தொய்யும். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் ஏறி இறங்கும். அந்த இரண்டு அங்குலம் கடலைச் சாய்த்துவிடும். மலையோ மரமோ சற்றுச் சாய்ந்தால் கண் மன்னிக்கும். கடல் சாய்ந்தால் மன்னிக்காது.

என் தந்தையார் கொத்தனார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டப்படிப்புக்கு வந்த பிறகு நான் படிக்கும் ஒளியியல் அவருக்குத் தெரியாது. ஆனால் மட்டம் பார்ப்பதில் அவரை மிஞ்ச என்னால் ஆகாது. இந்தப் படுதாவைப் பற்றி வீட்டில் சொன்னபோது, "மேடைத் தளமே மட்டமா இருக்குன்னு உனக்கு எவன் சொன்னான்? தண்ணிக் குழாய வச்சுப் பாருடா" என்றார். அவர் சொன்னது சரி. நிறமற்ற பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இடப்பக்கப் புள்ளியிலும் மறு முனையை வலப்பக்கத்திலும் பிடித்தால், இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒரே உயரத்தில் நிற்கும். பிறகு நீலப்பொடி தோய்த்த நூலை இரு புள்ளிகளுக்கும் இடையே விறைப்பாகப் பிடித்து, நடுவில் இழுத்து விட்டால் பதினெட்டு அடிக் கோடு ஒரே அடியில் விழும். கட்டட வேலையில் இதை நூலடிப்பது என்பார்கள். அளவுகோலை நகர்த்தி நகர்த்திப் போடும் கோடு இவ்வளவு நேராக வராது.

அந்தக் கோட்டின் நடுவில், இரு ஓரங்களிலிருந்தும் 9 அடியில், துணிக்குப் பின்னால் ஒரு பலகையை வைத்து ஓர் ஆணி அடிக்க வேண்டும். இதுதான் மறையும் புள்ளி. நேராக உள்ளே போகும் எல்லாக் கோடுகளும், அதாவது தெருவின் இரு விளிம்புகள், வீடுகளின் திண்ணை, கூரையின் தாழ்வாரம், கம்பங்களின் தலையும் காலும், இந்த ஆணிக்கே வந்து சேர வேண்டும். ஆணியில் ஒரு நூலைக் கட்டி, வேண்டிய இடத்திற்கு இழுத்துப் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டே போகலாம்.

இனிக் கம்பங்கள். ஒவ்வொன்றும் 15 அடி உயரம்; தெருவின் நடுவிலிருந்து 12 அடி வலப்புறம்; ஒன்றுக்கொன்று 30 அடி இடைவெளி; முதல் கம்பம் படுதாவுக்கு 30 அடி அப்பால் இருப்பதாகப் பாவனை. கண்ணுக்கும் படுதாவுக்கும் 30 அடி என்றால், முதல் கம்பம் கண்ணிலிருந்து 60 அடியில் இருக்கிறது. ஆகவே அதன் அளவுகளெல்லாம் பாதியாகும்: உயரம் ஏழரை அடி, ஆணியிலிருந்து 6 அடி வலப்புறம். இரண்டாவது கம்பம் 90 அடியில் இருப்பதால் மூன்றில் ஒரு பங்காகும்: உயரம் 5 அடி, ஆணியிலிருந்து 4 அடி. மூன்றாவது கால் பங்கு: உயரம் 3 அடி 9 அங்குலம், ஆணியிலிருந்து 3 அடி. நான்காவது ஐந்தில் ஒன்று: உயரம் 3 அடி, ஆணியிலிருந்து 2 அடி 5 அங்குலம். இடைவெளிகளைப் பாருங்கள்: 2 அடி, 1 அடி, பிறகு 7 அங்குலம். கம்பங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போய், இடைவெளியை மட்டும் சமமாக வைப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் கம்பங்கள் தூரத்தில் நிற்பதாகத் தோன்றாது. குட்டையான கம்பங்களைப் பக்கத்தில் நட்டதாகவே தோன்றும்.

இந்தக் கணக்கைப் போட விரும்பாதவர்களுக்கு நூலாலேயே ஒரு வழி உண்டு. முதல் இரண்டு கம்பங்களையும் வரைந்துகொண்டு, முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டாவது கம்பத்தின் சரிபாதி வழியாக நூலை நீட்டினால், அது கம்பங்களின் கால் வரிசையைத் தொடும் இடமே மூன்றாவது கம்பத்தின் இடம். மேலே சொன்ன எண்களைக் கொண்டு சரிபார்த்தேன். மிகச் சரியாக 3 அடியில் விழுகிறது.

இன்னோர் அழகான சோதனையும் இருக்கிறது. கண்ணின் உயரம் 5 அடி, கம்பம் 15 அடி. அடிவானம் எல்லாக் கம்பங்களையும் மூன்றில் ஒரு பங்கில் வெட்ட வேண்டும். அருகில் உள்ள பெரிய கம்பமானாலும் தொலைவில் உள்ள குச்சியானாலும், கோட்டுக்குக் கீழே ஒரு பங்கும் மேலே இரண்டு பங்கும் இருக்க வேண்டும். அதேபோலத் தெருவில் மனிதர்களைத் தீட்டினால், நம் உயரமுள்ள எல்லோருக்கும் கண் அந்தக் கோட்டிலேயே வரும். சிறுவர்கள் மட்டும் கோட்டுக்குக் கீழே நிற்பார்கள். எந்தப் படுதாவையும் இப்படிச் சோதிக்கலாம். விழா முடிந்த மறுநாள் அந்த வாடகைப் படுதாவில் நானும் இரு நண்பர்களும் நூல் பிடித்துப் பார்த்தோம். அதிலிருந்த குடிசையின் தாழ்வாரமும் திண்ணையும் சேர்ந்த இடம் ஏறக்குறைய 5 அடியில் இருந்தது. கடலோ 8 அடியில். ஒரே படத்தில் குடிசையை நின்றுகொண்டு பார்த்தவரும் கடலை மரத்தின் மேல் ஏறிப் பார்த்தவரும் இருந்தார்கள்.

கோடு சரியாக விழுந்தபின், அது தெளிவாகத் தெரிய வண்ணமும் உதவ வேண்டும். வானத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே நீலமாகப் பூசினால் கடல் எங்கே முடிகிறது என்பதே மங்கிப்போகும். உச்சி வானம் நீலமாகவும், கீழே வரவர வெளுத்தும் இருக்கிறது. அடிவானத்தை நோக்கும்போது நாம் மிகத் தடித்த காற்றுப் படலத்தின் வழியாகப் பார்ப்பதும், அதில் ஒளி மீண்டும் மீண்டும் சிதறுவதும் இதற்குக் காரணம். ஆகவே கோட்டுக்கு மேலே வானம் ஏறக்குறைய வெண்மையாகவும், கோட்டுக்குக் கீழே கடல் அழுத்தமான நிறமாகவும் இருந்தால் போதும். கறுப்பு மையில் எல்லை கட்ட வேண்டியதில்லை. தொலைவில் உள்ள கம்பங்களும் வெளிறி நீலம் கலந்திருக்க வேண்டும். நான்காவது கம்பத்தை முதல் கம்பத்தைப் போலக் கருநிறத்தில் தீட்டினால், அத்தனை கணக்கையும் அது முன்னால் இழுத்துவிடும்.

மலைப் படுதா தீட்டுபவர்களுக்கு ஒரு சொல். மலையின் மேல்விளிம்பு அடிவானம் அன்று. அடிவானம் மலைக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. மலை அதற்கு மேலே எழுகிறது. காட்சியில் கோடே தெரியாவிட்டாலும், முதலில் 5 அடியில் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் படுதா பொய்த்துப்போகும் ஓர் இடம் உண்டு. பதினைந்தடிக் கம்பம் படுதாவில் ஏழரை அடிதான். ஐந்தரை அடி நடிகர் அதை ஒட்டிப் போய் நின்றால், அவர் பதினோரடி அரக்கனாகிவிடுவார். இத்தாலியில் விசென்சா நகரத்தில் 1585ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒலிம்பிக்கோ அரங்கில், உள்ளே போகப் போகச் சுருங்கும் தெருக்களை மரத்தாலும் சாந்தாலும் கட்டியே வைத்திருக்கிறார்கள். அங்கும் இதே தொல்லைதான். தெருவுக்குள்ளே நடிகன் நடந்து சென்றால் வீடு அவன் இடுப்பளவுக்கு வந்துவிடும். இதற்குக் கணக்கில் மருந்து இல்லை. படுதாவுக்கு 5 அடி முன்னால் தளத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, அதற்கு அப்பால் யாரும் போகக்கூடாது என்று ஒத்திகையிலேயே பழக்க வேண்டும். இரண்டு பழைய மீன்வலைகளையும் ஒரு கட்டுமரத் துண்டையும் அந்த இடைவெளியில் போட்டுவிட்டால், தளமும் துணியும் சேரும் விளிம்பும் மறையும். பக்கவாட்டில் உட்காருபவர்களுக்குத் தெரு கொஞ்சம் திரும்பினாற்போல் தெரியும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் இடமோ வலமோ நகர்வதால் அடிவானத்தின் உயரம் மாறுவதில்லை என்பதால், அவர்களுக்கும் தாய் மூழ்கமாட்டாள்.

வாடகைப் படுதாவுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பணத்தில் காடாத் துணியும் டிஸ்டெம்பரும் வாங்கிவிடலாம் என்று நாடகக் குழுவினரிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர்க் குழாயும் நூலும் என் தந்தையாரிடம் இரவல் வாங்கித் தருவது என் பொறுப்பு. தீட்டி முடித்த படுதாவை மட்டும் தயவுசெய்து யாரும் மடித்து வைக்க வேண்டாம். மூங்கிலில் சுருட்டித்தான் வைக்க வேண்டும். மடித்தால் குறுக்கே விழும் மடிப்புத் தடம் மேடை வெளிச்சத்தில் இன்னோர் அடிவானமாகத் தெரியும்.